பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு ஆவியானவரைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான்

பவுல் எபேசுவுக்கு வந்தபோது அங்கே ஏறக்குறைய 12 பேரைச் சந்தித்தார். லூக்கா அவர்களைச் சீஷர்கள் என்றுதான் குறிப்பிடுகிறார். ஆனாலும் பவுலுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “நீங்கள் விசுவாசிகளானபோது பரிசுத்த ஆவியைப் பெற்றீர்களா?” என்று கேட்டார். “பரிசுத்த ஆவி உண்டென்பதை நாங்கள் கேள்விப்படவேயில்லை” என்று பதில் வந்தது. இன்று சபையில் உட்கார்ந்திருக்கும் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது அந்தப் பெயர் வரும், விசுவாசப் பிரமாணத்தில் வரும், கடைசி ஆசீர்வாதத்தில் மூன்றாவதாக வரும். பிதாவைப் பற்றிக் கேட்டால் ஏதோ சொல்வார்கள், இயேசுவைப் பற்றி நிறையவே சொல்வார்கள், ஆவியானவர் என்றதும் பேச்சு இழுத்துக்கொண்டே போகும். “ஒரு வல்லமை…” “உள்ளே ஒரு சந்தோஷம்…” அதற்கு மேல் வராது.

பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று பிரசங்கம் செய்கிறவருக்கு முன்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். இவர்களுக்கு எப்படி விளக்குவது? பவுல் அந்த 12 பேரிடம் என்ன செய்தார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆவியானவர் யார், எப்படிச் செயல்படுவார் என்று அவர் பாடம் எடுத்ததாக லூக்கா எழுதவில்லை. பவுல் இன்னொரு கேள்வி கேட்டார்: அப்படியானால் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள்? யோவான் கொடுத்த ஞானஸ்நானம் என்றார்கள். தனக்குப் பின் வருகிறவர்மேல் விசுவாசம் வைக்கவேண்டும் என்று யோவான் சொன்னாரே, அவர்தான் இயேசு என்று பவுல் விளக்கினார். ஆவியைப் பற்றிய அறியாமை என்று தெரிந்தது, தோண்டிப் பார்த்தால் இயேசுவைப் பற்றிய அறிவில் இருந்த இடைவெளி. பவுல் அங்கேதான் கைவைத்தார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் பேதுரு செய்த முதல் பெந்தெகொஸ்தே பிரசங்கமும் இதே வழியில்தான் போகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் 14 முதல் 36 வரை 23 வசனங்கள். ஒரு பேனாவை எடுத்து ஆவி என்ற சொல் வரும் இடங்களில் கோடு போட்டுப் பாருங்கள். யோவேல் தீர்க்கதரிசியிடமிருந்து எடுத்துச் சொல்லும் பகுதியில் இரண்டு இடங்கள். அதை விட்டுவிட்டால் பேதுரு தன் சொந்த வார்த்தைகளில் ஆவியானவரைச் சொல்வது 33ஆம் வசனத்தில் மட்டும். மற்றதெல்லாம் இயேசுவைப் பற்றி. ஆவியானவர் வந்த அன்றே நடந்த பிரசங்கம் இப்படி இருப்பதை நாம் ஏனோ அதிகம் கவனிப்பதில்லை.

முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்க்கலாம். பெந்தெகொஸ்தே என்பது கோதுமை அறுவடையின் பண்டிகை. முதற்கதிர்க்கட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து 50ஆம் நாள், புது மாவில் சுட்ட புளித்த அப்பங்கள் இரண்டைக் கர்த்தருக்குப் படைக்கவேண்டும் என்று லேவியராகமம் 23 சொல்கிறது. இஸ்ரவேலின் ஆண்கள் வருஷத்தில் மூன்று தரம் கர்த்தருடைய சந்நிதிக்கு வரவேண்டும். அதில் ஒன்று இது. அதனால்தான் பார்த்தர், மேதர், எலாமீத்தர் தொடங்கி ரோமாபுரியார், கிரேத்தர், அரபியர் வரை அத்தனை பேர் எருசலேமில் இருந்தார்கள். இவர்கள் வேதம் தெரிந்தவர்கள், தேவபக்தியுள்ளவர்கள். ஆவி என்ற சொல் அவர்களுக்குப் புதியதல்ல. கண்முன் நடப்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியவில்லை. சிலர் திகைத்தார்கள், சிலர் மது குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்தார்கள்.

பேதுரு கேலிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதானே ஆகிறது, அதாவது காலை ஏறக்குறைய 9 மணி, இந்த நேரத்தில் யார் குடிப்பார்கள்? சரி, அவ்வளவுதான். காற்றைப் பற்றியோ அக்கினிமயமான நாவுகளைப் பற்றியோ விளக்கம் ஒன்றும் இல்லை. நம்முடைய பிரசங்கங்களில் பாதி நேரம் காற்றும் அக்கினியும் எதைக் குறிக்கின்றன என்பதிலேயே போய்விடுகிறது. லூக்கா அவற்றை எழுதியிருக்கிறார், ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஆனால் நடபடிகள் புத்தகம் முழுவதும் தேடினாலும் பலத்த காற்றின் முழக்கமும் தலைமேல் அமரும் அக்கினியும் மறுபடி வருவதில்லை. அதிலேயே தங்கிவிட்டால், கேட்பவர் “அப்படி எதுவும் எனக்கு நடக்கவில்லையே” என்ற ஏக்கத்தோடுதான் வீட்டுக்குப் போவார்.

பேதுரு நேராக யோவேலுக்குப் போகிறார். அதன் கனம் புரிய எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்குப் போய்வர வேண்டும். ஜனங்களின் முறுமுறுப்பு தாங்காமல் மோசே தளர்ந்துபோன நேரம். அவர்மேல் இருந்த ஆவியில் எடுத்து 70 மூப்பர்கள்மேல் வைப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். மூப்பர்கள் கூடாரத்தைச் சுற்றி நிற்கிறார்கள், ஆவி அவர்கள்மேல் வருகிறது, தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். ஆனால் பேர்வழியில் இருந்தும் எல்தாத், மேதாத் என்ற இருவர் கூடாரத்துக்குப் போகாமல் பாளயத்திலேயே இருந்துவிட்டார்கள். அவர்கள்மேலும் ஆவி வந்தது. ஒரு பிள்ளையாண்டான் ஓடிவந்து மோசேயிடம் செய்தி சொல்ல, பக்கத்தில் இருந்த யோசுவா, “என் ஆண்டவனாகிய மோசேயே, அவர்களைத் தடைபண்ணும்” என்கிறார். எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா என்று மோசே அவரைத் திருப்பிக் கேட்கிறார். கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசனம் சொல்லத்தக்கதாகக் கர்த்தர் அவர்கள்மேல் தம் ஆவியை இறங்கப்பண்ணினால் நலமாயிருக்குமே என்கிறார்.

பழைய ஏற்பாட்டில் அது ஆசையாகவே நின்றுபோனது. ஆவி வந்தது உண்மை. ஆனால் குறிப்பிட்ட ஆட்கள்மேல், குறிப்பிட்ட வேலைக்காக. கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேல்மேல், யுத்தத்துக்குச் சிம்சோன்மேல், அரசாள்வதற்குச் சவுல்மேல். சவுலைவிட்டு நீங்கியும் போனார். அதை நேரில் பார்த்த தாவீது, உம்முடைய பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலிரும் என்று 51ஆம் சங்கீதத்தில் கெஞ்சியது வெறும் சொல்லலங்காரம் இல்லை. மோசே ஆசைப்பட்டது ஒருநாள் நடக்கும் என்று யோவேல் வாக்காகச் சொன்னார்: குமாரர், குமாரத்திகள், வாலிபர், மூப்பர், கடைசியில் ஊழியக்காரர், ஊழியக்காரிகள் வரைக்கும். பேதுரு எழுந்து “தீர்க்கதரிசி சொன்னது இதுதான்” என்றபோது, பின்னால் இருந்த ஏறக்குறைய 120 பேரில் பெண்கள் இருந்தார்கள், கலிலேயா மீனவர்கள் இருந்தார்கள்.

ஆகவே ஆவியானவரின் வேலை என்று முதலில் சொல்ல வேண்டியது இந்த விரிவு. சபையில் இருக்கும் எளிய விசுவாசி, ஆவியானவர் போதகருக்கும் ஊழியக்காரருக்கும் உரியவர் என்று மனதுக்குள் வைத்திருப்பார். வெளியே சொல்லமாட்டார். ஆனால் ஜெபம் பண்ணச் சொன்னால் “பாஸ்டர், நீங்களே பண்ணிடுங்க” என்று ஒதுங்குவதில் அது தெரியும். யோவேலின் பட்டியலை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தால், அவருடைய இடமும் அதில் இருப்பது அவருக்கே தெரியும்.

அப்புறம்தான் பேதுரு திரும்புகிறார். “இஸ்ரவேலரே, நான் சொல்லும் வார்த்தைகளைக் கேளுங்கள்” என்றவுடன் வரும் பெயர் நசரேயனாகிய இயேசு. நீங்கள் அவரைக் கொலைசெய்தீர்கள், தேவன் அவரை எழுப்பினார். இதற்கு 16ஆம் சங்கீதம் சாட்சி: உம்முடைய பரிசுத்தர் அழிவைக் காணவொட்டீர் என்று தாவீது பாடினார், ஆனால் தாவீது செத்து அடக்கம்பண்ணப்பட்டார், அவருடைய கல்லறை இந்நாள்வரைக்கும் நம்மிடத்தில் இருக்கிறது, எனவே அவர் பாடியது வேறொருவரைப் பற்றி. அடுத்து 110ஆம் சங்கீதம்: என் வலதுபாரிசத்தில் உட்காரும் என்று கர்த்தர் என் ஆண்டவரோடே சொன்னார், தாவீது பரலோகத்துக்கு ஏறிப்போகவில்லையே, அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? இந்த இரண்டு சங்கீதங்களுக்கும் நடுவில் 33ஆம் வசனம் வருகிறது: “அவர் தேவனுடைய வலதுகரத்தினாலே உயர்த்தப்பட்டு, பிதா அருளிய வாக்குத்தத்தத்தின்படி பரிசுத்தஆவியைப் பெற்று, நீங்கள் இப்பொழுது காண்கிறதும் கேட்கிறதுமாகிய இதைப் பொழிந்தருளினார்.”

பிரசங்கத்தின் அச்சாணி இந்த ஒரே வாக்கியம். சிலுவையில் அறையப்பட்டவர் சிங்காசனத்தில் அமர்ந்துவிட்டார் என்பதைத் தெருவில் நிற்பவர் எப்படிப் பார்க்க முடியும்? பார்க்க முடியாது. ஆனால் அவர் அங்கிருந்து அனுப்பியதைப் பார்க்கலாம், கேட்கலாம். ஆவியானவர் வந்திருப்பதே இயேசு உயர்த்தப்பட்டதற்கு அத்தாட்சி. இயேசு இன்னும் மகிமைப்படாததினால் ஆவி இன்னும் அருளப்படவில்லை என்று யோவான் 7:39இல் இருக்கும் குறிப்பு இங்கே வந்து முடிச்சு அவிழ்கிறது. ஆவியானவரை இயேசுவிடமிருந்து பிரித்துத் தனியே விளக்கப் போனால் மிஞ்சுவது “ஒரு வல்லமை” மட்டும்தான். நம்முடைய தெளிவின்மையில் பெரும்பகுதி இந்தப் பிரிப்பில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

பிரசங்கம் முடிந்ததும் என்ன நடந்தது? கேட்டவர்கள் “இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி” நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அன்று ஜனக்கூட்டத்துக்குள் ஆவியானவர் செய்ததாக நாம் முதலில் பார்ப்பது இதை. உடல் சிலிர்ப்போ ஆனந்தமோ அவர்களுக்கு அப்போது வந்ததாக எழுதப்படவில்லை. சந்தோஷம் வருகிறது, 46ஆம் வசனத்தில், மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்று ஒன்றாய் அப்பம் பிட்கும் வீடுகளில். முதலில் வந்தது குத்து.

இது தற்செயல் இல்லை. தேற்றரவாளன் வந்து பாவம், நீதி, நியாயத்தீர்ப்பு ஆகிய மூன்றைக்குறித்தும் உலகத்தைக் கண்டித்து உணர்த்துவார் என்று இயேசு யோவான் 16இல் சொல்லியிருந்தார். அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேதுருவின் பிரசங்கத்தை மறுபடி வாசிக்கலாம். பாவம்: அவர்கள் என்னை விசுவாசியாதது என்று இயேசு விளக்கம் தந்தார்; பேதுரு, நீங்கள் அவரைச் சிலுவையில் அறைந்தீர்கள் என்கிறார். நீதி: நான் பிதாவினிடத்திற்குப் போகிறதினால் என்றார் இயேசு, பேதுரு, நீங்கள் குற்றவாளி என்று தீர்த்தவரைத் தேவன் தம் வலதுகரத்துக்கு உயர்த்தினார் என்கிறார். அதாவது கீழே கொடுக்கப்பட்ட தீர்ப்பு மேலே தள்ளுபடியாகிவிட்டது. நியாயத்தீர்ப்பு: உம்முடைய சத்துருக்களைப் பாதபடியாக்கிப்போடும்வரைக்கும் என்று சங்கீதம் சொல்வதை எடுத்துக்காட்டிவிட்டு, மாறுபாடுள்ள இந்தச் சந்ததியைவிட்டு விலகி இரட்சித்துக்கொள்ளுங்கள் என்று 40ஆம் வசனத்தில் முடிக்கிறார். பேசியது பேதுருவின் வாய். உள்ளே இறங்கியது வேறொருவரின் வேலை. ஏழு வாரங்களுக்கு முன் ஒரு வேலைக்காரிக்கு முன்னால் “அந்த மனுஷனை அறியேன்” என்று சத்தியம் பண்ணிய அதே வாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேதுருவின் பிரசங்கம் சொல்லாமல் விடுவதும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. ஆவியானவர் ஓர் ஆள்தத்துவம் உள்ளவர் என்பதை இந்த அதிகாரத்தை மட்டும் வைத்துக் காட்டுவது கடினம். பொழிதல், நிரப்புதல் என்று இங்கே வரும் சொற்களெல்லாம் தண்ணீரையோ எண்ணெயையோ போல ஏதோ ஒரு பொருளை நினைக்க வைக்கும். அதற்கு வேறு பகுதிகள் வேண்டும். அனனியா அவரிடம் பொய் சொன்னான், அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் எனக்காகப் பிரித்துவிடுங்கள் என்று அவர் பேசினார், தமது சித்தத்தின்படியே வரங்களைப் பகிர்ந்துகொடுக்கிறார், துக்கப்படுகிறார். மின்சாரத்திடம் பொய் சொல்லவோ அதைத் துக்கப்படுத்தவோ முடியாது. இதில் தடுமாறும் விசுவாசி வெட்கப்படவும் தேவையில்லை. 325இல் நிசேயாவில் வகுத்த விசுவாசப் பிரமாணத்தில் “பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்” என்ற அளவில்தான் இருந்தது. அவர் கர்த்தர், ஜீவனைத் தருகிறவர், பிதாவோடும் குமாரனோடும் ஆராதிக்கப்படுகிறவர், தீர்க்கதரிசிகள்மூலம் பேசினவர் என்ற வரிகள் 381இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்ந்து நமக்கு வந்தவை. இடையில் 56 ஆண்டுகள் கடும் வாக்குவாதம். செசரியாவின் பசிலியு போன்றவர்கள் இதற்காகவே எழுதினார்கள். சபைக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

சரி, இதையெல்லாம் கேட்டபின் ஒருவர் வாசலில் நிறுத்திக் கேட்பார்: “ஐயா, ஆவியானவர் எனக்குள்ளே இருக்கிறாரா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” பொதுவாகப் பதில் சொன்னால் நிற்காது, ஓர் உதாரணத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு பெண் வேலையிடத்தில் கூட இருப்பவரைப் பற்றி நாலு பேர் முன்னால் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். சொன்னது பொய் இல்லை, ஆனால் குத்த வேண்டும் என்றே சொன்னது. இரவு ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆவியானவர் என்னைவிட்டுப் போய்விட்டார் என்று அவர் முடிவு செய்கிறார்.

எபேசியர் 4ஐத் திறந்து பார்த்தால் அந்த இரவுக்கு வேறு விளக்கம் இருக்கிறது. பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்ற 30ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் வாயிலிருந்து புறப்படும் கெட்ட வார்த்தையைப் பற்றியது. பிந்தின வசனம் கசப்பு, கோபம், மூர்க்கம், கூக்குரல், தூஷணம் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் அவர் துக்கப்படுகிறார். பெரிய இரகசியப் பாவங்களைத்தான் நாம் வழக்கமாக இந்த வசனத்தோடு சேர்ப்போம். பவுல் மனதில் இருந்தது பேச்சு. அதே வசனம், மீட்கப்படும் நாளுக்கென்று நீங்கள் அவராலே முத்திரைபோடப்பட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்கிறது. துக்கப்படுகிறவர் உள்ளேதான் இருக்கிறார். போய்விட்டிருந்தால் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பெந்தெகொஸ்தே அன்று மூவாயிரம் பேருக்குள் இறங்கிய குத்துதான் இவருக்குள்ளும் இருக்கிறது. மறுநாள் அந்த ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்க மனம் வருகிறதென்றால், அதையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனச்சாட்சி உறுத்துவதெல்லாம் ஆவியானவர் என்று சொல்லிவிடக் கூடாது. சிலருக்கு இன்னதென்று தெரியாத குற்ற உணர்வு எப்போதும் இருக்கும். எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது, எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யாது. பேதுருவின் கூட்டத்துக்கு எந்தச் செயலுக்காகக் குத்தப்படுகிறோம் என்று தெரிந்திருந்தது. என்ன செய்வது என்று கேட்டார்கள், அதே நிமிஷத்தில் பாவமன்னிப்பு என்ற பதிலும் கிடைத்தது. வித்தியாசம் அங்கே தெரியும்.

கடைசியாக, எந்தச் சபையிலும் தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது: ஆவியைப் பெறுவது எப்போது, அந்நியபாஷை பேசினால்தானா? நடபடிகளில் இது நான்கு விதமாக நடக்கிறது. எருசலேமில் மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பிறகு ஆவியின் வரம் என்று பேதுரு சொல்கிறார். சமாரியாவில் ஞானஸ்நானம் முடிந்திருந்தது, பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்தபின்தான் ஆவி. கொர்நேலியுவின் வீட்டில் பிரசங்கம் முடியும் முன்பே ஆவி, பிறகுதான் தண்ணீர். எபேசுவில் ஞானஸ்நானம், கைவைத்தல், உடனே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும். அந்நியபாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற போதனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் தொடங்கிய கூட்டங்கள்வழியாக, உலகம் முழுதும் பரவியது. அந்தப் போதனையை ஏற்பவர்கள் எருசலேமையும் கொர்நேலியுவின் வீட்டையும் எபேசுவையும் காட்டுவார்கள். ஏற்காதவர்கள், எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கொரிந்தியரைக் கேட்ட கேள்வியையும், கிறிஸ்துவின் ஆவியில்லாதவன் அவருடையவனல்ல என்ற ரோமர் 8:9ஐயும் காட்டுவார்கள். பிரசங்கிக்கிறவர் தன் சபை இதில் எங்கே நிற்கிறது என்று தெளிவாகச் சொல்லட்டும். ஆனால் நான்கு சம்பவங்களில் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு உட்காராமல், நான்கையும் வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.